லாக்கரில் வைத்த நகை போனால் வங்கி எவ்வளவு தரும்? கும்பகோணம் போயிருந்தபோது தெரிந்துகொண்டது

அம்மாவின் லாக்கர் ஒப்பந்தத்தைப் புதுப்பிக்கச் சொல்லி கிளையிலிருந்து ரொம்ப நாளாகத் தாக்கீது வந்துகொண்டிருந்தது. அம்மாவுக்குப் படியேறி அலைய முடியாது, நானோ மெல்போர்னில் இருக்கிறேன். இந்தமுறை ஊருக்குப் போனபோது அவரையும் கூட்டிக்கொண்டு போய் அந்த வேலையை முடித்தேன். வங்கியின் பெயர் வேண்டாம். விஷயம் எல்லா வங்கிக்கும் பொது.

ஒப்பந்தம் என்று நீட்டியது முத்திரைத்தாளோடு ஒரு கட்டு. கையெழுத்துப் போட வேண்டிய இடங்களில் எல்லாம் பென்சிலால் பெருக்கல் குறி போட்டு வைத்திருந்தார்கள். "படிச்சுப் பாக்க வேண்டியதில்லை சார், எல்லா பேங்க்லயும் இதே ஃபார்மட்தான்" என்றார் அந்த அலுவலர். நான் உட்கார்ந்து படித்தேன். பின்னால் வரிசை நீண்டது, அம்மா முழங்கையால் இடித்தார். ஆனால் நான் தேடிய பத்தி அதில் இருந்தது: லாக்கரில் உள்ள பொருள் போனால் வங்கியின் பொறுப்பு எவ்வளவு என்பது.

முன்பெல்லாம் இதற்கு வங்கிகளிடம் ஒரே பதில்தான் இருந்தது. நாங்கள் வெறும் இடம் வாடகைக்குக் கொடுத்தவர்கள், உள்ளே என்ன இருக்கிறது என்றே எங்களுக்குத் தெரியாது, அதனால் பொறுப்பும் இல்லை. அந்தப் பதில் இனிச் செல்லாது என்று 2021 பிப்ரவரியில் உச்ச நீதிமன்றம் சொன்னது. கொல்கத்தாவைச் சேர்ந்த வாடிக்கையாளர் ஒருவருக்கும் யுனைடெட் பேங்க் ஆஃப் இந்தியாவுக்கும் நடந்த வழக்கு அது. வாடகை பாக்கி என்று சொல்லி, முன்னறிவிப்பில்லாமல் வங்கி லாக்கரை உடைத்துத் திறந்திருந்தது. உள்ளே ஏழு நகை இருந்தது, இரண்டுதான் திரும்பி வந்தது என்பது வாடிக்கையாளரின் புகார். எத்தனை நகை இருந்தது என்பதை சிவில் நீதிமன்றத்தில் நிரூபித்துக்கொள்ளட்டும் என்று விட்டுவிட்ட நீதிபதிகள், லாக்கரைப் பத்திரமாகக் காக்கும் கடமையில் வங்கி தவறியதற்கு 5 லட்சம் ரூபாய் இழப்பீடும், வழக்குச் செலவுக்கு 1 லட்சமும் தரச் சொன்னார்கள். லாக்கர் விதிகளை ஆறு மாதத்துக்குள் ஒழுங்குபடுத்தும்படி ரிசர்வ் வங்கிக்கும் உத்தரவு போனது. அதன்படி 2021 ஆகஸ்டில் வந்த விதிகள் 2022 ஜனவரி முதல் நடைமுறையில் இருக்கின்றன. அம்மாவைக் கிளைக்கு வரவழைத்த புது ஒப்பந்தமும் இதிலிருந்து வந்ததுதான்.

விதி சொல்வது இது. தீ, திருட்டு, கொள்ளை, வழிப்பறி, கட்டடம் இடிந்து விழுதல், வங்கி ஊழியரின் மோசடி: இவற்றால் லாக்கர் பொருள் போனால், அந்த லாக்கரின் அப்போதைய ஆண்டு வாடகையைப்போல் நூறு மடங்கு வங்கி தர வேண்டும். நகையின் விலைக்கும் இந்தத் தொகைக்கும் சம்பந்தமே இல்லை. வாடகைதான் அளவுகோல்.

எங்கள் வீட்டுக் கணக்கையே போட்டுப் பார்த்தேன். ஆண்டு வாடகை 3,000 ரூபாய் என்று வைத்துக்கொண்டால், நூறு மடங்கு 3 லட்சம். உள்ளே 30 சவரன் இருக்கிறது என்போம். சவரன் 80,000 ரூபாய் என்று குறைத்தே போட்டாலும் 24 லட்சம். எட்டில் ஒரு பங்குதான் வங்கியிடமிருந்து வரும். இதில் இன்னொரு விநோதம், பெருநகரக் கிளைகளில் வாடகை அதிகம், சிறு ஊர்களில் குறைவு. அதே 30 சவரனைச் சென்னையில் இதே அளவு லாக்கரில் வைத்தால் வங்கியின் பொறுப்பு கூடும், கும்பகோணத்தில் வைத்தால் குறையும். கொள்ளை போகும் நகைக்கு ஊர் வித்தியாசம் கிடையாது என்று யாராவது சொல்ல வேண்டும்.

வெள்ளம் இந்தப் பட்டியலில் இல்லை. நிலநடுக்கம், வெள்ளம், மின்னல், புயல்மழை போன்ற இயற்கைச் சீற்றத்தாலும், முழுக்க வாடிக்கையாளரின் தவறாலும் வந்த இழப்புக்கு வங்கி பொறுப்பில்லை. 2015 மழையில் அடையாறு எப்படி ஏறியது என்று பார்த்தவர்களுக்கு இது சின்ன விஷயமாகத் தெரியாது. அதேநேரம், அப்படிப்பட்ட சேதத்திலிருந்து லாக்கர் அறையைக் காக்கத் தக்க கவனம் எடுக்க வேண்டும் என்றும் அதே விதி சொல்கிறது. கிளை அடித்தளத்தில் இருந்தால், முந்தைய மழையில் தண்ணீர் வந்ததா என்று வாசலில் கடை வைத்திருப்பவரைக் கேளுங்கள். அவர் மறைக்காமல் சொல்வார்.

கையெழுத்துக்கு நடுவே அந்த அலுவலர் இரண்டு விஷயம் சொன்னார், இரண்டும் தவறு. ஒன்று, லாக்கர் தொடர வேண்டுமானால் ஒரு பெரிய வைப்புத்தொகை போட வேண்டுமாம். புதிதாக லாக்கர் எடுப்பவரிடம் மூன்று ஆண்டு வாடகையும், லாக்கரை உடைக்கும் செலவும் ஈடுகட்டும் அளவுக்கு வைப்புத்தொகை கேட்கலாம், அவ்வளவுதான். கணக்கை ஒழுங்காக நடத்திவரும் பழைய வாடிக்கையாளரிடம் அதையும் கேட்கக் கூடாது. இன்னொன்று, "நகைக்கு இன்சூரன்ஸ் போட்டுக்குங்கம்மா, நாமளே முடிச்சுத் தரோம்" என்றார். லாக்கர் பொருளுக்கான காப்பீட்டை வங்கி நேராகவோ சுற்றிவளைத்தோ விற்கக் கூடாது என்பது விதி. இதைச் சொன்னதும், மேலாளரிடம் போய் ஏதோ பேசிவிட்டு வந்தார். பிறகு வைப்புத்தொகைப் பேச்சே எழவில்லை. காப்பீடு வேண்டுமானால் நாமாகத் தேடி, வீட்டுக் காப்பீட்டோடு நகையைச் சேர்க்கும் பாலிசி எது, அது வங்கி லாக்கரில் இருக்கும் நகைக்கும் செல்லுமா என்று நிறுவனத்திடம் கேட்டு எடுக்க வேண்டும். நூறு மடங்குக்கும் நிஜ மதிப்புக்கும் நடுவே உள்ள பள்ளத்தை நிரப்ப வேறு வழி எனக்குத் தெரியவில்லை.

உள்ளே என்ன இருக்கிறது என்பது வங்கிக்குத் தெரியாது, தெரிந்திருக்கவும் கூடாது. ஆகவே, இழப்பைக் காட்டும் வேலை நம்முடையது. அன்று ஒவ்வொரு நகையையும் படமெடுத்து, எடையோடு எழுதி வைத்தோம். பழைய ரசீதுகளை ஸ்கேன் செய்துகொண்டோம். அதே நேரம், மாதிரி ஒப்பந்தப்படி லாக்கரில் ரொக்கம் வைக்கக் கூடாது. அம்மா ஓரமாகச் சுருட்டி வைத்திருந்த நோட்டுக்கட்டு அன்றே வெளியே வந்தது.

வெளிநாட்டில் இருப்பவர்கள் கவனிக்க வேண்டியது குறுஞ்செய்தி. லாக்கரை யார் திறந்தாலும் அன்றைய நாள் முடிவதற்குள் பதிவுசெய்த கைபேசிக்கும் மின்னஞ்சலுக்கும் தகவல் வர வேண்டும். நம் பழைய இந்திய எண் எப்போதோ செத்திருக்கும். மின்னஞ்சலைச் சரிபார்த்துக்கொள்ளுங்கள். நாம் போகாத நாளில் தகவல் வந்தால், உடனே எழுத்தில் புகார் கொடுங்கள். லாக்கர் அறை வாசல் கேமரா பதிவை வங்கி 180 நாள் மட்டும்தான் வைத்திருக்கக் கடமைப்பட்டிருக்கிறது. புகார் இருந்தால், போலீஸ் விசாரணை முடியும்வரை அதை அழிக்கக் கூடாது. வாடகை ஒழுங்காகப் போனாலும் ஏழு ஆண்டு திறக்காமலே இருந்து, வாடிக்கையாளரையும் கண்டுபிடிக்க முடியாவிட்டால், உரிய நடைமுறைப்படி லாக்கரை உடைத்துத் திறக்க வங்கிக்கு அதிகாரம் உண்டு.

திருட்டோ தீயோ நடந்துவிட்டால் முதலில் போலீசில் முதல் தகவல் அறிக்கை, கூடவே வங்கிக்கு எழுத்துப் புகார், பெற்றுக்கொண்டதற்கான முத்திரையோடு. வங்கி 30 நாளில் பதில் தராவிட்டாலோ, தந்த பதில் திருப்தியில்லாவிட்டாலோ cms.rbi.org.in தளம் வழியாக ரிசர்வ் வங்கியின் குறைதீர்ப்பாளரிடம் போகலாம். நுகர்வோர் ஆணையத்துக்கும் போகலாம், அதற்குக் காலவரம்பு இரண்டு ஆண்டு. e-jagriti தளத்தில் இணையம் வழியாகவே மனு போட வசதி இருப்பதால், அதற்காக மட்டும் டிக்கெட் எடுத்து ஊருக்கு வர வேண்டியதில்லை. கையெழுத்திட்ட ஒப்பந்தத்தின் ஒரு நகல் நமக்கும் தர வேண்டும். எங்களுக்கு "அப்புறம் தபால்ல வரும்" என்றார்கள். நகலை வாங்கிக்கொண்டுதான் எழுந்தோம்.