மாம்பலத்து அடுக்ககமா, உத்திரமேரூர் ஓட்டு வீடா: ஒரு குறும்படத்துக்கு இடம் தேர்ந்த கணக்கு

ஜூன் மாதத்தின் இரண்டாவது வாரத்தில், இரண்டே நாட்களில் எடுத்து முடிக்க வேண்டிய பன்னிரண்டு நிமிடக் குறும்படம் ஒன்றுக்கு இடம் தேடியபோது எங்கள் பட்டியலில் மூன்று வீடுகள் நின்றன. கதை முழுவதும் ஒரு வீட்டுக்குள், பகல் வேளையில், அப்பாவுக்கும் மகளுக்கும் இடையே நடக்கும் பேச்சு. வசனத்தைப் படப்பிடிப்பிலேயே பதிவு செய்வதென்று முதலிலேயே முடிவு செய்திருந்தோம். குழுவில் நடிகர்களையும் சேர்த்து ஒன்பது பேர். இடத்துக்கென்று ஒரு நாளைக்கு ஆறாயிரம் ரூபாய்க்கு மேல் ஒதுக்க இயலவில்லை.

மூன்றாவது வீட்டைப் பற்றி அதிகம் சொல்வதற்கில்லை. கிழக்குக் கடற்கரைச் சாலையில் படப்பிடிப்புக்கென்றே வாடகைக்கு விடப்படும் அந்த வீட்டில் அனுமதி, மின்சாரம், வண்டி நிறுத்தும் இடம் எல்லாம் ஒழுங்காக இருந்தன. ஆனால் வாடகை எங்கள் ஒதுக்கீட்டைப் போல இரண்டரை மடங்கு என்பதால் அதை முதல் நாளே விட்டுவிட்டோம். எஞ்சியவை மேற்கு மாம்பலத்தில் இரண்டாம் மாடியில் இருந்த ஓர் அடுக்கக வீடும், உத்திரமேரூருக்கு அருகே ஒரு கிராமத்தில் முற்றம் வைத்துக் கட்டிய பழைய ஓட்டு வீடும்தான்.

வெளிச்சம், சத்தம், மின்சாரம், அனுமதி ஆகிய நான்குக்கும் சமமாக மதிப்பெண் போட்டுக் கூட்டிப் பார்ப்பதே பலரும் செய்யும் வழி. நாங்களும் அப்படித்தான் தொடங்கினோம். அது தவறு என்பது இரண்டாம் முறை போய்ப் பார்த்தபோது விளங்கியது. வெளிச்சம் போதவில்லை என்றால் விளக்கு வைக்கலாம். விளக்குக்கு மின்சாரம் போதவில்லை என்றால் ஜெனரேட்டர் கொண்டுவரலாம். ஆனால் உறை போட்ட ‘சைலன்ட்’ ஜெனரேட்டருக்கே ஒரு மீட்டர் தொலைவில் 75 டெசிபல் வரை நம் நாட்டு விதி இடம் தருகிறது. அதைத் தெருவில் நிறுத்தினால் பதிவு கெடும், பக்கத்து வீட்டார் வருவார்கள், கிடைத்த அனுமதியும் ஆட்டம் காணும். ஆகவே வெளிச்சக் குறையையும் மின்சாரக் குறையையும் பணத்தால் ஓரளவு ஈடுகட்டலாம். சத்தத்தையும் அனுமதியையும் அப்படி ஈடுகட்ட வழியில்லை. இந்த இரண்டில் தேறாத இடத்தை மற்ற இரண்டின் அழகு காப்பாற்றாது.

மாம்பலத்து வீட்டை முதலில் ஒரு ஞாயிற்றுக்கிழமை பிற்பகலில் பார்த்தோம். மின்தொடர் ரயில் எப்போதாவது போனது, மற்றபடி அமைதி. படப்பிடிப்போ வார நாட்களில் நடக்கவிருந்தது. எனவே ஒரு புதன்கிழமை காலை பத்து மணிக்கு மறுபடியும் சென்று, அப்பாவாக நடிப்பவர் உட்காரப்போகும் நாற்காலியின் மேல் ஒலிப்பதிவுக் கருவியை வைத்து, மின்விசிறியையும் குளிர்பதனப் பெட்டியையும் நிறுத்தி, அரை மணி நேரம் யாரும் பேசாமல் பதிவு செய்தோம். ஹெட்போனில் கேட்டபடி ஒவ்வொரு இடையூறும் தொடங்கிய நேரத்தையும் முடிந்த நேரத்தையும் குறித்துக்கொண்டோம். கடற்கரை–தாம்பரம் தடத்தில் இரு திசையிலும் போகும் ரயில்கள், தண்ணீர் லாரி, ஒலிபெருக்கியில் விலை கூவி வந்த காய்கறி வண்டி, மேல் வீட்டு மிக்ஸி எல்லாம் அதில் அடக்கம்.

இந்தக் குறிப்பிலிருந்து எடுக்க வேண்டியது மொத்த அமைதி நேரத்தை அல்ல, இடையூறே இல்லாத மிக நீண்ட இடைவெளியை. அரை மணியில் பதினெட்டு நிமிடம் அமைதியாக இருந்தது என்பது கேட்க நன்றாக இருக்கும். ஆனால் அந்தப் பதினெட்டும் சிறு சிறு துண்டுகளாகச் சிதறிக் கிடந்தன, அவற்றில் மிக நீண்டதே மூன்று நிமிடத்தைத் தொடவில்லை. எங்கள் கதையின் முக்கியமான காட்சி நான்கு நிமிடம் வெட்டில்லாமல் ஓட வேண்டும். அந்த ஒரு கணக்கிலேயே மாம்பலம் பெரும்பாலும் தோற்றுவிட்டது.

அறையின் எதிரொலியும் அதற்குச் சாதகமாக இல்லை. வழவழப்பான தரை ஓடும் வெறுஞ்சுவரும் கொண்ட கூடத்தில் ஒரு முறை கை தட்டினால் ஓசைக்குப் பின்னால் உலோகம் அதிர்வது போன்ற வால் ஒன்று நீண்டது. நான்கு ஜமுக்காளங்களைக் கேமராவின் சட்டத்துக்கு வெளியே விரித்தும் தொங்கவிட்டும் பார்த்ததில் அது பாதிக்கு மேல் அடங்கியது என்பதால் இதை மட்டும் தீராக் குறையாக நான் எண்ணவில்லை. ஓட்டு வீட்டில் மரத்தூண்களும் கரடுமுரடான சுவரும் ஓட்டின் அடிப்பக்கமும் ஓசையைச் சிதறடித்துவிடுவதால் கைதட்டல் உடனே அடங்கியது. அதே ஓடு வெளியோசையை எளிதில் உள்ளே விடும் என்பதும், ஒரு தூறல் விழுந்தாலே பதிவு நின்றுவிடும் என்பதும் அந்த வீட்டின் குறைகள்.

கிராமம் என்றால் அமைதி என்பதும் நாங்கள் வைத்திருந்த தவறான நம்பிக்கை. அங்கே அரை மணிப் பதிவில் காக்கையும், தொலைவில் ஒரு பம்பு செட்டும், இரண்டு முறை பேருந்து ஒலிப்பானும் வந்தன. ஆனாலும் மிக நீண்ட அமைதி பதினொரு நிமிடம். உண்மையான ஆபத்து ஒலிபெருக்கிதான். ஆகவே பஞ்சாங்கத்தை எடுத்து முகூர்த்த நாட்களைத் தவிர்த்தோம். அந்த ஊர் அம்மன் கோயிலில் கூழ் வார்ப்பது ஆடியில் என்பதால், படப்பிடிப்பு எக்காரணம் கொண்டும் ஜூலை நடுவுக்குத் தள்ளிப்போகக் கூடாது என்று எழுதி வைத்தோம்.

இனி வெளிச்சம். மாம்பலத்து வீட்டின் கூடத்துக்கு வடக்குப் பார்த்த பெரிய ஜன்னல் இருந்தது. வடக்கு ஜன்னலில் நாள் முழுவதும் நேர் வெயில் படாது, மென்மையான ஒளி மாறாமல் கிடைக்கும் என்று ஒளிப்பதிவுப் பாடங்களில் படித்திருக்கிறோம். அந்தப் பாடம் நிலநடுக்கோட்டிலிருந்து வெகுதூரம் வடக்கே இருக்கும் நாடுகளுக்குப் பெரும்பாலும் பொருந்தும். சென்னை 13 பாகை வட அகலாங்கில் இருக்கிறது. ஏப்ரல் கடைசி வாரத்திலிருந்து ஆகஸ்ட் நடுப்பகுதி கடந்தும் சூரியன் நமக்கு வடக்கே சாய்ந்தே பயணிக்கிறது. ஜூனில் காலை எட்டு மணி வெயில் கிழக்கிலிருந்து ஏறக்குறைய 20 பாகை வடக்கே தள்ளி வருவதால், வடக்கு ஜன்னல் வழியே சாய்வாக நுழைந்து மேற்குச் சுவரில் ஒரு பட்டை போடும். உச்சி வேளையில் ஜன்னலின் மேல் சஜ்ஜா அதை மறைக்கும். பிற்பகலில் கிழக்குச் சுவரில் மறுபடியும் பட்டை விழும். அந்த மாதத்தில் நேர் வெயிலே படாதது தெற்கு ஜன்னல்தான். நாங்கள் முதலில் பார்த்தது ஜனவரியில் என்பதால் எல்லாம் மென்மையாகத் தெரிந்தது. பார்க்கும் மாதமும் எடுக்கும் மாதமும் வேறாக இருந்தால், கைப்பேசியில் சூரியப் பாதை காட்டும் செயலியில் படப்பிடிப்புத் தேதியைக் கொடுத்து ஒவ்வொரு ஜன்னலையும் சரிபார்ப்பதைத் தவிர வேறு வழியில்லை.

ஓட்டு வீட்டின் முற்றம் எட்டடி சதுரம். தாழ்வாரத்துக் கூரை விளிம்பு ஒன்பதடி உயரம். சூரியன் ஏறக்குறைய 48 பாகைக்கு மேல் ஏறினால்தான் முற்றத்துத் தரையில் நேர் வெயில் விழும். ஜூனில் அது காலை ஒன்பதேகாலிலிருந்து பிற்பகல் மூன்று மணி வரை. அதற்கு முன்னும் பின்னும் வானத்தின் ஒளி மட்டும் மேலிருந்து இறங்கித் தாழ்வாரத்தில் பரவுகிறது; முகத்தில் நிழல் மெதுவாக விழும் அந்த வெளிச்சம்தான் கதைக்கு நாங்கள் தேடியது. நடுப்பகலில் தரை தீயாக வெளுத்து, தாழ்வாரம் இருட்டாகிவிடும். அந்த ஐந்தரை மணி நேரத்தை வீணாக்காமல் இருக்க, முற்றத்தின் மேல் பத்தடிக்குப் பத்தடி வெள்ளை மல் துணியை, வெயிலை மென்மையாக்கும் ஸ்கிம்மராகக் கட்டிப் பார்த்தோம். தாழ்வாரத்தில் நடிகர் உட்காரும் இடத்தில் ஒளிமீட்டர் 200 லக்ஸுக்கு மேல் காட்டியது. கேமராவில் ஐ.எஸ்.ஓ. 800, துளை 2.8, ஷட்டர் 1/50 என்ற அமைப்புக்கு 120 லக்ஸ் அளவே போதும் என்பதால் விளக்கில்லாமலே எடுக்கலாம் என்று தெரிந்தது. உள்ளறைகளில் மட்டும் 300 வாட் எல்.இ.டி. ஒன்று தேவைப்பட்டது.

வெளிச்சம் இப்படித் தீர்ந்ததால் மின்சாரச் சிக்கலும் பாதி தீர்ந்தது. எங்கள் விளக்கு, இரண்டு சிறு விளக்குகள், மின்கலம் ஏற்றும் கருவி, மானிட்டர் எல்லாம் சேர்ந்தும் 700 வாட்டைத் தாண்டவில்லை. 230 வோல்ட்டில் இது மூன்று ஆம்பியர் அளவுதான், பழைய வீட்டின் சாதாரண பிளக் பாயின்ட்டே தாங்கும். (ஃபியூஸைப் பறிப்பது பெரும்பாலும் யாரோ தேநீருக்காகச் செருகும் 1500 வாட் மின்கெண்டிதான்; அதைச் சமையலறையின் 15 ஆம்பியர் பாயின்ட்டில் மட்டும் போட வேண்டும் என்று எழுதி ஒட்டினோம்.) மாம்பலத்தில் நாள் முழுவதும் 230 வோல்ட்டை ஒட்டியே இருந்தது, கிராமத்தில் மாலை ஏழு மணிக்கு 190 வரை இறங்கியது. எங்கள் விளக்குகளின் அடாப்டர் 100 முதல் 240 வரை ஏற்பது என்பதால் அது பொருட்டில்லை. பயந்தது எர்த் இல்லாததற்கு. பிளக் பாயின்ட்டின் பேஸுக்கும் எர்த்துக்கும் இடையே உள்ளூர் எலக்ட்ரீஷியன் சோதனை விளக்கை வைத்தபோது அது எரியவே இல்லை. இரும்பு ஸ்டாண்டில் கசிவு வந்தால் லைட்மேன் உடம்பு வழியாகத்தான் போயிருக்கும். புதிதாக எர்த் அடித்துக் கொடுத்த பிறகே அந்த வீட்டைக் கணக்கில் வைத்துக்கொண்டோம். இரண்டு ஊர்களிலுமே மாதாந்திரப் பராமரிப்புக்காகப் பகல் முழுவதும் மின்சாரம் நிறுத்தப்படும் நாள் உண்டு. அந்தத் துணைமின் நிலையத்துக்கு எந்தத் தேதி என்று லைன்மேனிடம் முன்கூட்டியே கேட்டுக்கொண்டோம்.

அனுமதியில் இரண்டு வீடுகளுமே வெளியில் தெரியாத சிக்கலை வைத்திருந்தன. மாம்பலத்தில் சம்மதம் தந்தவர் குடியிருப்பவர். வீட்டு உரிமையாளரிடம் அவர் கேட்டிருக்கவில்லை. மேலும் படிக்கட்டு, மின்தூக்கி, வண்டி நிறுத்துமிடம் ஆகியவை எல்லா உரிமையாளர்களுக்கும் பொது என்பதால் குடியிருப்போர் சங்கத்தின் எழுத்துச் சம்மதமும் தேவைப்பட்டது. ஒரே ஒருவர் மறுத்தாலும் படப்பிடிப்பு நடுவில் நிற்கும் நிலை. ஓட்டு வீட்டில் சாவி கொடுத்த பெரியவர் தயங்காமல் சம்மதித்தார். ஆனால் பட்டா அவர் பெயரிலும் தம்பி பெயரிலும் சேர்ந்து இருந்தது. “தம்பி ஒண்ணும் சொல்ல மாட்டான்” என்று அவர் சொன்னபோதும், தம்பியைத் தேடிச் சென்று இருவரிடமும் கையெழுத்து வாங்கினோம். தேதி, நேரம், ஆட்களின் எண்ணிக்கை, பயன்படுத்தும் அறைகள், சுவரில் ஆணி அடிக்கலாமா என்பது, தொடங்கும்போதும் முடியும்போதும் மின்மீட்டரின் அளவு, முன்பணம், வீட்டின் காட்சியை வெளியிடும் சம்மதம் எல்லாம் அந்த ஒரு தாளில் இருந்தன. காவல் நிலையத்திலும் ஊராட்சித் தலைவரிடமும் தகவல் கடிதம் கொடுத்தோம்.

செலவில் மட்டும் மாம்பலம் தெளிவாக முன்னே நின்றது. உத்திரமேரூருக்கு ஏறக்குறைய 90 கிலோமீட்டர். வேன் வாடகை, ஓர் இரவு தங்கல், மூன்று வேளைச் சாப்பாடு எல்லாம் சேர்த்தால், வீட்டு வாடகை குறைவாக இருந்தும் இரண்டு நாளில் ஏழாயிரம் ரூபாய் கூடுதலாயிற்று. மாம்பலத்தில் ரயில் கடந்து போகக் காத்திருந்தே மூன்றாம் நாள் தேவைப்பட்டிருக்கும் என்பதை எண்ணினால் அது இழப்பல்ல என்பது என் கணிப்பு. ஓட்டு வீட்டையே தேர்ந்தோம்.

வசனத்தைப் பிறகு டப்பிங்கில் பேசும் படமாக இருந்திருந்தால் இந்தத் தீர்ப்பு தலைகீழாகியிருக்கும். ரயிலும் எதிரொலியும் அப்போது பொருட்டல்ல. ஜன்னலில் ஒரு மெல்லிய துணி கட்டினால் வெளிச்சம் சீராகும். நிலையான மின்சாரமும் வீட்டுக்குத் திரும்பித் தூங்கும் குழுவும் மாம்பலத்துக்கே சாதகம். சங்கத்தின் கையெழுத்து ஒன்று மட்டும் அப்போதும் வேண்டியிருந்திருக்கும்.