பெல் ட்ரிங்கரும் நிப்பிள் லைனும், தண்ணீரில் மருந்தும்: பல வருட அனுபவம்

கோழிக்குத் தண்ணீர் வைக்க, மணி வடிவில் தொங்கும் பெல் ட்ரிங்கர், கோழி கொத்தினால் தண்ணீர் விடும் முனைகள் கொண்ட குழாயான நிப்பிள் லைன் இரண்டையும் பிராய்லர் கொட்டகையில் பல வருடமாகப் பயன்படுத்துகிறேன். பெல்லில் அழுக்கு கண்ணுக்குத் தெரியும் என்பதால் தினமும் கவிழ்த்து, பிரஷ்ஷால் தேய்த்துக் கழுவிவிடலாம். விளிம்பு கோழியின் முதுகு உயரத்துக்கு இருந்தால் உமியும் எச்சமும் விழுவது பாதியாகக் குறைகிறது. கோழி வளர வளர உயர்த்திக்கொண்டே போக வேண்டும், அதைத்தான் பலர் விட்டுவிடுகிறார்கள்.

நிப்பிள் லைன் வெளியே பளிச்சென்று இருக்கும், உள்ளே வழவழப்பான படலம் பிடித்திருக்கும். கடைசி முனையின் மூடியைக் கழற்றி உள்ளே விரலை விட்டுப் பார்த்தால் தெரிந்துவிடும். வைட்டமின், எலக்ட்ரோலைட் கொடுத்த பிறகு இது வேகமாகப் படிகிறது, அவற்றிலுள்ள சர்க்கரைதான் கிருமிக்குத் தீனி. நிப்பிள்கள் சொட்ட ஆரம்பித்தாலும் இதைச் சந்தேகிக்கலாம். அதனால் இவற்றைக் கொடுத்து முடித்ததும் லைனை வேகமான நீரோட்டத்தில் அலசிவிடுகிறேன். கொட்டகை காலியாக இருக்கும்போது லைன் சுத்தம் செய்வதற்கென்றே விற்கும் ஹைட்ரஜன் பெராக்சைடு கரைசலை லேபிளில் சொன்ன அளவில் நிரப்பி, ஊறவிட்டு, நன்றாக அலசுகிறேன். பெராக்சைடோ குளோரினோ மருந்து நாட்களில் தண்ணீரில் இருக்கக் கூடாது, பல மருந்துகளை அவை கெடுத்துவிடும்.

இப்போது அளவு. "லிட்டருக்கு இத்தனை கிராம்" என்ற கணக்கை மட்டும் நம்பினால் கோழிக்குள் போகும் மருந்து வெயிலைப் பொறுத்து மாறிவிடும். ஒரு கணக்கைப் பாருங்கள். 500 கோழிகள், சராசரி எடை 1.2 கிலோ, ஆக மொத்தம் 600 கிலோ. மருத்துவர் டாக்சிசைக்ளின் கிலோவுக்கு 20 மில்லிகிராம் எழுதினால், ஒரு நாளைக்கு 12 கிராம் மருந்து வேண்டும். 20 சதவீதத் தூள் என்றால் 60 கிராம். நேற்று 100 லிட்டர் குடித்திருந்தால் லிட்டருக்கு 0.6 கிராம் சரி. ஆனால் வெயில் ஏறி 150 லிட்டர் குடித்தால், அதே கலவையில் 90 கிராம் உள்ளே போய்விடும். நோயால் 60 லிட்டர்தான் குடித்தால் 36 கிராம்தான் சேரும், நோயும் அடங்காது. அதனால் மீட்டர் வைத்தோ தொட்டியில் கோடு போட்டோ குடித்த தண்ணீரைத் தினமும் அளந்து, அன்றைய 60 கிராமை அதற்கேற்பக் கரைக்கிறேன். எடையும் கண்மதிப்பாக வேண்டாம், கொட்டகையின் பல இடங்களில் பிடித்த கோழிகளைத் தராசில் போட்டுச் சராசரி எடுங்கள்.

தூளை முதலில் வாளித் தண்ணீரில் முழுதாகக் கரைத்துத்தான் தொட்டியில் ஊற்ற வேண்டும். சுண்ணாம்புச் சத்தும் இரும்பும் நிறைந்த கடினநீர் டாக்சிசைக்ளினைப் பிடித்துக்கொள்ளும். அடியில் மண்டி தங்கினால் அந்த மருந்து கோழிக்குப் போகவில்லை என்று அர்த்தம். நிப்பிள் லைனில் முதல் நாள் இன்னொன்று உண்டு: பழைய தண்ணீர் குழாய் முழுக்க நிற்கும். கடைசி முனையைத் திறந்து, மருந்துத் தண்ணீர் வரும்வரை ஓடவிடுகிறேன். இல்லாவிட்டால் அந்தக் கோடியிலுள்ள கோழிகளுக்கு மருந்து தாமதமாகத்தான் கிடைக்கும்.

மருந்து கொடுக்க எது நல்லது என்றால், என் வாக்கு நிப்பிளுக்குத்தான். சிந்துவது குறைவு, குடித்த அளவும் நம்பும்படி வருகிறது. லைனைச் சுத்தம் செய்ய முடியாதவர்கள் பெல்லிலேயே இருக்கட்டும்.