தேங்காய் எண்ணெயா, எம்.சி.டி. எண்ணெயா, வெறும் சி8-ஆ: கல்லீரல் எதைக் கீட்டோனாக்குகிறது?

தேங்காய் எண்ணெயில் 60 சதவீதத்துக்கு மேல் எம்.சி.டி., அதாவது நடுத்தரச் சங்கிலி ட்ரைகிளிசரைடு என்னும் கொழுப்பு இருக்கிறது, அது நேராகக் கல்லீரலுக்குப் போய், உடல் எரிபொருளாகப் பயன்படுத்தும் கீட்டோனாக மாறும் என்று பல இடங்களில் படித்திருப்பீர்கள். வாக்கியத்தின் முதல் பாதி வேதியியல்படி சரி. இரண்டாம் பாதி எம்.சி.டி. எண்ணெய்க்குச் சரி. இரண்டையும் ஒட்டும்போதுதான் சிக்கல் வருகிறது. அதனால் மூன்று எண்ணெய்களைப் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்க்கலாம்: சாதாரண தேங்காய் எண்ணெய், சி8-ம் சி10-ம் கலந்த எம்.சி.டி. எண்ணெய், சி8 மட்டுமே உள்ள எண்ணெய்.

இந்த எண்கள் கொழுப்பு அமிலச் சங்கிலியில் எத்தனை கார்பன் அணுக்கள் இருக்கின்றன என்பதைக் குறிக்கின்றன. சி8 காப்ரிலிக் அமிலம், சி10 காப்ரிக் அமிலம், சி12 லாரிக் அமிலம். 6 முதல் 12 கார்பன் வரை உள்ளவற்றை நடுத்தரச் சங்கிலி என்று வேதியியல் புத்தகம் வகைப்படுத்துகிறது. தேங்காய் எண்ணெயின் கொழுப்பு அமிலங்களில் ஏறக்குறைய பாதி லாரிக் அமிலம். சி8 சுமார் 7 சதவீதம், சி10 சுமார் 6 சதவீதம். மூன்றையும் கூட்டினால் அந்த 60 சதவீதம் வந்துவிடும். லாரிக்கை எடுத்துவிட்டால் மிஞ்சுவது 13, 14 தான். எம்.சி.டி. ஆய்வுகளுக்குப் பெயர் பெற்ற கொலம்பியா பல்கலைக்கழக ஆய்வாளர் மேரி-பியர் செயின்ட்-ஆஞ்ச், தன் ஆய்வுகளில் கொடுத்தது தேங்காய் எண்ணெய் அல்ல, முழுக்க முழுக்க எம்.சி.டி. எண்ணெய் என்று பலமுறை சொல்லியிருக்கிறார். விளம்பரங்கள் அதைக் காதில் போட்டுக்கொள்ளவில்லை.

சரி, லாரிக்கை ஏன் தனியாகப் பிரிக்க வேண்டும்? அது குடலில் எந்த வழியாக உள்ளே போகிறது என்பதைப் பார்த்தால் புரிந்துவிடும்.

குடலில் பிரியும் இரண்டு வழிகள்

கொழுப்பு எதுவானாலும் குடலுக்குள் லிப்பேஸ் நொதி அதை உடைக்கிறது. நீளச் சங்கிலி அமிலங்கள் தண்ணீரில் கரையாது. பித்த உப்புகள் அவற்றை நுண்துளிகளாகச் சுமந்து குடல் சுவரின் செல்களிடம் சேர்க்க வேண்டும். செல்லுக்குள் போனதும் அவை மறுபடியும் ட்ரைகிளிசரைடாகக் கோக்கப்பட்டு, புரத உறை போர்த்திய கைலோமைக்ரான் என்னும் உருண்டைகளாகின்றன. அந்த உருண்டைகள் ரத்தத் தந்துகிக்குள் நுழைய முடியாத அளவுக்குப் பெரியவை. அதனால் நிணநீர்க் குழாய்க்குள் போய், மார்பு வழியாக மேலேறி, கழுத்தருகே இருக்கும் பெரிய சிரையில்தான் ரத்தத்தோடு கலக்கின்றன. வழியில் தசையும் கொழுப்புத் திசுவும் தங்கள் பங்கை எடுத்துக்கொள்ளும். கல்லீரலுக்கு வருவது பெரும்பாலும் மிச்சம் மீதிதான்.

சி8-க்கு இந்தச் சடங்கு எதுவும் தேவையில்லை. லிப்பேஸ் அதைச் சீக்கிரம் உடைக்கிறது. வயிற்றிலேயே அந்த வேலை ஓரளவு தொடங்கிவிடும். தண்ணீரில் கொஞ்சம் கரைவதால் பித்த உப்பை அவ்வளவாக நம்பியிருக்காது. குடல் செல்லில் மறுபடி கோக்கப்படாமல் அப்படியே ரத்தத்துக்குள் போய், ஆல்புமின் புரதத்தைப் பிடித்துக்கொண்டு, போர்ட்டல் சிரை வழியாக நேராகக் கல்லீரலை அடைகிறது. சி10-ம் பெரும்பாலும் இதே வழிதான்.

லாரிக் இரண்டுக்கும் நடுவில் நிற்கிறது. ஒரு பகுதி போர்ட்டல் சிரையில் போகும். பெரும்பகுதி கைலோமைக்ரானில் ஏறி நிணநீர் வழியாகப் போகும். பெயரில் நடுத்தரச் சங்கிலி, நடத்தையில் பாதிக்கு மேல் நீளச் சங்கிலி.

இந்தப் பிரிவு வெறும் ஏட்டுக் கணக்கு அல்ல என்பதற்கு மருத்துவமனையிலேயே சாட்சி உண்டு. மார்பில் உள்ள நிணநீர்க் குழாயில் காயம் பட்டு, பால் போன்ற திரவம் நுரையீரலைச் சுற்றிக் கசிந்து சேரும் நிலை ஒன்று இருக்கிறது. அப்போது உணவில் சாதாரணக் கொழுப்பைக் குறைத்து எம்.சி.டி. எண்ணெயைக் கொடுப்பார்கள். நிணநீர் வழியாக ஓடும் கொழுப்பு குறைவதால் கசிவும் குறைகிறது. அங்கே தேங்காய் எண்ணெயை மாற்றாகக் கொடுத்தால் நோக்கமே கெட்டுவிடும். அதிலிருக்கும் கொழுப்பில் பெரும்பகுதி அதே காயம்பட்ட குழாய்க்குள்தான் திரும்பப் போகும்.

கல்லீரலில் இன்னொரு கதவு

கல்லீரலை அடைந்துவிட்டால் மட்டும் கீட்டோன் வந்துவிடாது. கொழுப்பு அமிலம் மைட்டோகாண்ட்ரியாவுக்குள் நுழைய வேண்டும். நீளச் சங்கிலிக்கு அங்கே கார்னிடைன் என்னும் சுமப்பான் தேவை. அதன் வாசலில் சி.பி.டி.1 என்ற நொதி காவலிருக்கிறது. மாவுச்சத்து சாப்பிட்டு இன்சுலின் ஏறியிருக்கும்போது, மலோனைல்-கோஏ என்ற பொருள் செல்லில் கூடி அந்த நொதியைத் தடுக்கிறது. 'சர்க்கரை தாராளமாக இருக்கிறது, கொழுப்பை இப்போது எரிக்காதே' என்ற உத்தரவு மாதிரி. அதனால்தான் சாதாரணக் கொழுப்பிலிருந்து கீட்டோன் வர வேண்டுமென்றால் பட்டினியோ, கடுமையான மாவுச்சத்துக் குறைப்போ வேண்டியிருக்கிறது.

சி8 இந்தக் காவலைப் பெரும்பாலும் கண்டுகொள்வதில்லை. கார்னிடைன் இல்லாமலே உள்ளே போகிறது. உள்ளே போன எட்டு கார்பன் சங்கிலி மூன்று சுற்று வெட்டுப்பட்டு நான்கு அசிட்டைல்-கோஏ துண்டுகளாகிறது. இவ்வளவு துண்டுகள் ஒரே நேரத்தில் வந்து குவிந்தால் கல்லீரலால் எல்லாவற்றையும் தனக்காக எரிக்க முடியாது. மிஞ்சியதை அசிட்டோஅசிட்டேட்டாகவும், அதிலிருந்து பீட்டா-ஹைட்ராக்ஸிபியூட்டிரேட்டாகவும் மாற்றி வெளியே அனுப்புகிறது. தான் தயாரித்த கீட்டோனைத் தானே பயன்படுத்தும் நொதி கல்லீரலுக்குக் கிடையாது. எனவே அது முழுவதும் மூளைக்கும் இதயத்துக்கும் தசைக்கும் போகிறது.

சி10-ம் இதைச் செய்யும், ஆனால் மெதுவாக, குறைவாக. லாரிக்குக்கு கார்னிடைன் உதவி ஓரளவு தேவைப்படுகிறது. அதுவும் கல்லீரலுக்கு வந்துசேர்ந்த பங்கின் கதை மட்டும்தான்.

ஒரு மேசைக்கரண்டிக் கணக்கு

15 மில்லி எண்ணெய் ஏறக்குறைய 14 கிராம் எடை இருக்கும். தேங்காய் எண்ணெயில் ஒரு கரண்டி எடுத்தால் சி8 சுமார் 1 கிராம், சி10 ஒரு கிராமுக்கும் கொஞ்சம் குறைவு, லாரிக் ஆறரை கிராம். மிச்சம் பெரும்பாலும் மிரிஸ்டிக், பால்மிடிக் போன்ற நீளமான நிறைகொழுப்பு அமிலங்கள். சி8-ம் சி10-ம் 60:40 விகிதத்தில் கலந்த எம்.சி.டி. எண்ணெயில் அதே கரண்டியில் சி8 மட்டுமே 8 கிராமை ஒட்டி வரும். சி8 மட்டுமே உள்ள எண்ணெயில் கிட்டத்தட்ட முழுக் கரண்டியும் அதுதான்.

இப்போது திருப்பிப் போட்டுப் பாருங்கள். அந்த 8 கிராம் சி8-ஐத் தேங்காய் எண்ணெயிலிருந்து பெற எட்டுக் கரண்டி குடிக்க வேண்டும். சுமார் 1000 கலோரி. கூடவே 50 கிராமுக்கு மேல் லாரிக். கீட்டோனுக்காக இதைச் செய்வதில் எனக்குத் துளியும் அர்த்தம் தெரியவில்லை.

ஆய்வகத்திலும் கணக்கு இப்படியே வந்தது. கனடாவின் ஷெர்ப்ரூக் பல்கலைக்கழகக் குழு 2017-ல் 9 ஆரோக்கியமான பெரியவர்களுக்கு இந்த எண்ணெய்களை வெவ்வேறு நாட்களில் கொடுத்து ரத்தத்தில் கீட்டோனை அளந்தது. சி8 தனியாகக் கொடுத்தபோதுதான் ஏற்றம் மிக அதிகம். கலவை எண்ணெய் அதற்கு அடுத்து. தேங்காய் எண்ணெய் மிகவும் பின்தங்கியது. பங்கேற்றவர்கள் குறைவுதான், ஆனாலும் ஒரே ஆளுக்கு எல்லா எண்ணெயையும் கொடுத்துப் பார்த்ததால் ஒப்பீட்டுக்கு வலு உண்டு.

அதற்காக சி8-ஐயும் தலையில் தூக்கி வைத்துக்கொள்ள வேண்டாம். ஒரு வேளை சி8-க்குப் பிறகு ஒன்று, இரண்டு மணி நேரத்தில் ரத்தக் கீட்டோன் லிட்டருக்கு அரை மில்லிமோல் அளவை எட்டினால் நல்ல விளைவு. சில மணி நேரத்தில் அது இறங்கிவிடும். கீட்டோ உணவு முறையில் இருப்பவர்களுக்கு 1 முதல் 3 வரை நாள் முழுக்க நிற்கும். கரண்டி எண்ணெயால் அந்த நிலைக்குப் போக முடியாது. வலிப்பு நோய்க்காக 1971-ல் பீட்டர் ஹுட்டன்லாக்கர் எம்.சி.டி. அடிப்படையிலான கீட்டோ உணவை அறிமுகப்படுத்தியபோதும், அது எண்ணெய்க் கரண்டி அல்ல, மொத்தக் கலோரியில் பாதிக்கு மேல் எம்.சி.டி.யாக வைத்துத் திட்டமிட்ட உணவு.

வீட்டில் சோதிக்க விரும்புகிறவர்கள் விரல் நுனி ரத்தத்தில் அளக்கும் கருவியைப் பயன்படுத்தலாம். அது பீட்டா-ஹைட்ராக்ஸிபியூட்டிரேட்டை அளக்கிறது. சிறுநீர்ப் பட்டை அசிட்டோஅசிட்டேட்டைத்தான் காட்டும், இந்தச் சின்ன ஏற்றத்துக்கு அது நம்பகமில்லை. எண்ணெய்க்கு முன்னால் ஒரு முறை, ஒரு மணி நேரம் கழித்து, இரண்டு மணி நேரம் கழித்து அளந்தால் போதும். வீட்டுக் கருவி பெரும்பாலும் 0.1 படிகளில்தான் காட்டும் என்பதை நினைவில் வையுங்கள். தேங்காய் எண்ணெய் குடித்து 0.1-லிருந்து 0.2-க்கு ஏறியது என்று மகிழ்ந்தால், அது கருவியின் தடுமாற்றமாகக்கூட இருக்கலாம்.

விலை கொடுக்க வேண்டிய இடம்

சி8-ன் வேகமே அதன் தொல்லையும். குடலில் ஒரே நேரத்தில் நிறைய உடைபட்டுக் குவிவதால் வயிற்று வலி, குமட்டல், வயிற்றுப்போக்கு வரும். வெறும் வயிற்றில் முழுக் கரண்டி எடுத்தவர்கள் கழிப்பறையிலிருந்து எழுந்து வரவே யோசிப்பார்கள். ஒரு தேக்கரண்டியில், அதாவது 5 மில்லியில் ஆரம்பித்து, உணவோடு சேர்த்து, நாட்கள் போகப் போகக் கூட்டுவதுதான் வழக்கம். உணவோடு எடுத்தால் வயிறு அமைதி, கீட்டோன் ஏற்றமோ குறைவு. இந்தப் பேரத்தைத் தவிர்க்க வழியில்லை. தேங்காய் எண்ணெய் இந்த விஷயத்தில் சாது. ஆனால் லாரிக், மிரிஸ்டிக் அமிலங்கள் எல்.டி.எல். கொழுப்பை ஏற்றுகின்றன. 2020-ல் 16 ஆய்வுகளைச் சேர்த்துப் பார்த்த அலசலில், மற்ற தாவர எண்ணெய்களோடு ஒப்பிடும்போது எல்.டி.எல். டெசிலிட்டருக்கு சுமார் 10 மில்லிகிராம் கூடியிருந்தது.

சிலர் எம்.சி.டி. எண்ணெயின் பக்கமே போகக்கூடாது. எம்.சி.ஏ.டி. என்னும் நொதி பிறவியிலேயே குறைவாக உள்ளவர்களால் இதே நடுத்தரச் சங்கிலியை உடைக்க முடியாது, அவர்களுக்கு இது ஆபத்து. நீளச் சங்கிலியை உடைக்கும் நொதியில் குறையுள்ளவர்களுக்கோ இதே எண்ணெய்தான் சிகிச்சை. முதல் வகை நீரிழிவு, முற்றிய கல்லீரல் நோய் உள்ளவர்கள் மருத்துவரைக் கேட்காமல் தொடவே வேண்டாம்.

கடையில் வாங்கும்போது 'எம்.சி.டி.' என்ற எழுத்தை விட்டுவிட்டு, சி8 எவ்வளவு, சி10 எவ்வளவு என்று எண் போட்டிருக்கிறதா பாருங்கள். சி12-ஐயும் சேர்த்து எண்ணும் பாட்டில்கள் உண்டு. வாங்கிய பிறகு சந்தேகம் வந்தால் குளிர்பதனப் பெட்டியில் ஓரிரவு வையுங்கள். தேங்காய் எண்ணெய் சுமார் 24 டிகிரிக்குக் கீழே உறைந்துவிடும். சி8-ம் சி10-ம் கலந்தது பெரும்பாலும் தெளிவான திரவமாகவே இருக்கும். அந்தக் கலவை என்று விற்றது காலையில் வெண்மையாகக் கட்டியிருந்தால், உள்ளே லாரிக்கோ அதைவிட நீளமான நிறைகொழுப்போ கணிசமாக இருக்கலாம் என்று அர்த்தம்.