வீக்கம் இல்லாத பெருவெடிப்பா, வீக்கத்தோடு கூடியதா?

வீக்கம் என்பது பிரபஞ்சம் தன் தொடக்கக் கணத்தில் மிக வேகமாக விரிந்தது என்ற கருத்து. இரண்டில் எதை ஏற்பது என்று குழம்புபவர்கள் முதலில் இளம் பிரபஞ்சத்திலிருந்து எஞ்சிய ஒளியான அண்ட நுண்ணலைப் பின்னணியைப் பார்க்கலாம். வானின் எந்தத் திசையிலும் அதன் வெப்பநிலை சுமார் 2.725 கெல்வின், வேறுபாடு லட்சத்தில் ஒரு பங்கு அளவுதான்.

வெப்பச் சமநிலை

வீக்கம் இல்லாமல்: அந்த ஒளி கிளம்பியபோது பிரபஞ்சத்தின் வயது சுமார் 3,80,000 ஆண்டுகள். அதற்குள் ஒளி கடந்திருக்கக்கூடிய தூரம் இன்றைய வானில் ஓரிரு பாகை மட்டுமே. எதிரெதிர்த் திசைகள் ஒன்றையொன்று தொட்டதே இல்லை. அப்புறம் எப்படி ஒரே வெப்பம்? தொடக்கமே அப்படித்தான் என்று வைத்துக்கொள்ள வேண்டியதுதான்.

வீக்கத்தோடு: மிகச் சிறிய பகுதி முதலில் சமநிலை அடைந்தது. பிறகு நொடியின் கற்பனைக்கெட்டாத சிறு பின்னத்தில் குறைந்தது 10²⁶ மடங்கு விரிந்தது. இயற்பியலாளர் ஆலன் கூத் 1981இல் வெளியிட்ட இந்த விளக்கம்தான் எனக்கு இயல்பாகப் படுகிறது.

விண்மீன் திரள்களின் விதை

வீக்கம் இல்லாமல்: தனியாகச் சேர்க்க வேண்டும்.
வீக்கத்தோடு: மிகச் சிறிய அளவுகளில் எப்போதும் நிகழும் குவாண்டம் அதிர்வுகளே பெரிதாகி விதையாகின்றன. பெரிய அளவுகளில் அதிர்வு சற்றே வலுவாக இருக்கும் என்று எளிய மாதிரிகள் சொன்னதை, நுண்ணலைப் பின்னணியை ஆராய்ந்த பிளாங்க் விண்கலம் அளந்து காட்டியது.

நேரடிச் சான்று

வீக்கத்துக்கு இன்னும் இல்லை. அது எழுப்பியிருக்கக்கூடிய ஈர்ப்பலைகளின் தடம் கிடைத்ததாக 2014இல் வந்த அறிவிப்பு, அந்தத் தடம் பால்வீதித் தூசியால் வந்திருக்கலாம் என்று தெரிந்ததும் கலைந்தது.

பெருவெடிப்பில் ஹீலியம் எவ்வளவு உருவானது என்று கணக்கிட வீக்கம் தேவையில்லை. வானம் ஏன் இவ்வளவு சீராக இருக்கிறது என்று கேட்டால் தேவை.