பி.இ. 6 உருக்கு, பி.இ. 50 சோப்பு: எது மலிவு?

பி.இ. என்பது பங்கின் விலையை ஒரு பங்குக்கான ஆண்டு லாபத்தால் வகுத்தால் வரும் எண். கணக்குக்காக இரண்டு பங்குகள். உருக்கு நிறுவனம்: விலை 600 ரூபாய், ஒரு பங்குக்கான ஆண்டு லாபம் 100, பி.இ. 6. சோப்பு நிறுவனம்: விலை 2,500, லாபம் 50, பி.இ. 50.

உருக்குதான் மலிவாகத் தோன்றும். ஆனால் அந்த 100 ரூபாய், உருக்கு விலை உச்சத்தில் இருந்தபோது வந்த லாபம். விலை சரிந்து லாபம் 20 ஆனால், பங்கு 400-க்கு இறங்கினாலும் பி.இ. 20 ஆகிவிடும். அதாவது லாபம் இப்படி ஏறி இறங்கும் சுழற்சித் தொழிலில் பி.இ. மிகக் குறைவாகத் தெரிவதே பெரும்பாலும் எச்சரிக்கை. இங்கே ஏழு முதல் பத்து ஆண்டுச் சராசரி லாபத்தால் விலையை வகுத்துப் பார்ப்பது நல்லது. சராசரி 45 என்றால், 600 ரூபாய்க்கு பி.இ. 13-ஐத் தாண்டும். உலைக்கு வாங்கிய கடனும் பி.இ.யில் நேரடியாகத் தெரியாது.

சோப்பு விற்பனை அவ்வளவு ஆடாது, லாபமும் பெரும்பாலும் ரொக்கமாகவே கைக்கு வரும். அதற்காக 50 நியாயமா? அதை இன்னொரு சோப்பு நிறுவனத்தோடு ஒப்பிட்டால்தான் தெரியும்.