திர்ஹம்–ரூபாய் மாற்றுத் தாள்: நீண்ட நாள் பயன்பாட்டுக்குப் பின்

மதிப்பிற்குரிய கணக்கர் ஐயாவுக்கு,

துபாயிலிருந்து வணக்கம். கொழிஞ்சாம்பாறை அலுவலகத்தில் திர்ஹத்தை ரூபாயாக மாற்றும் விரிதாளை இனி நீங்களே கவனிக்கவிருப்பதால், சில நிதியாண்டுகளாக அதைப் பயன்படுத்திவரும் அனுபவத்தை எழுதுகிறேன்.

முந்தைய தாளில் விகிதம் ஒரே கட்டத்தில் இருந்தது. அதை மாற்றிய நொடியே, முடிந்துபோன மாதங்களின் பில் தொகைகளும் சேர்ந்து மாறின. இப்போதைய தாளில் எந்த விகிதமும் அழிக்கப்படுவதில்லை. Rates பக்கத்தில் விகிதம் வெளியாகும் ஒவ்வொரு நாளுக்கும் ஒரு வரிசை கூடுகிறது. பில் தேதிக்குரிய விகிதத்தை இந்தச் சூத்திரம் எடுத்துத் தருகிறது:

```
=XLOOKUP(A2,Rates!A:A,Rates!B:B,"",-1)
```

கடைசியில் உள்ள -1, அந்தத் தேதி இல்லையென்றால் அதற்கு முந்தைய தேதியை எடு என்பதாகும். டாலருக்கான ரூபாயின் மேற்கோள் விகிதம் மும்பை விடுமுறைகளில் வெளியாவதில்லை. குடீ பாட்வா அன்று நம் அலுவலகம் திறந்திருந்தாலும் விகிதம் கிடைக்காது. ஓணத்துக்கு நாம் பூட்டியிருந்தாலும் அங்கே வேலைநாளென்றால் விகிதம் வரும். இரண்டையும் தாள் தானே சமாளித்துக்கொள்கிறது. ஒரு டாலருக்கு 3.6725 திர்ஹம் என்பது 1997 முதல் மாறாததால், டாலரின் ரூபாய் விகிதத்தை அதனால் வகுத்தே திர்ஹம் விகிதத்தைப் பெறுகிறோம்.

ஓர் எடுத்துக்காட்டு. மார்ச் 5 அன்று 10,000 திர்ஹத்துக்குத் தேங்காய் பில் போட்டபோது விகிதம் 23.60 என்றால், விற்பனை 2,36,000 ரூபாய். இது பிறகு மாறாது. மார்ச் 31 அன்று பணம் வராமல், விகிதம் 23.80 ஆக இருந்தால், வரவேண்டிய தொகையை மட்டும் 2,38,000 ஆக உயர்த்தி, 2,000 ரூபாயை அந்த ஆண்டின் மாற்று ஆதாயமாகக் காட்ட வேண்டும். ஏப்ரலில் வங்கி 23.70 வீதம் வரவு வைத்தால், 1,000 ரூபாய் புதிய ஆண்டின் நட்டம். மொத்தத்தில் கிடைத்த ஆதாயம் 1,000 தான் என்றாலும், அது இரு ஆண்டுகளில் பிரிந்து நிற்பதைக் கண்டு குழம்ப வேண்டாம். வங்கியின் விகிதத்தைத் தனி நெடுவரிசையில் கையால் எழுத வேண்டும். மேற்கோள் விகிதம் அதற்கு ஈடாகாது. வங்கிக் கட்டணத்தையும் மாற்று நட்டத்தோடு கலக்க வேண்டாம்.

தாளின் பெரிய குறை Rates பக்கத்தின் தேதி நெடுவரிசையில்தான் இருக்கிறது. கணினி மாதத்தை முதலில் வைக்கும் அமைப்பில் இருந்தால், 05/03 மே 3 ஆகிவிடும்; 13/03 தேதியாகவே ஏற்கப்படாமல் வெறும் எழுத்தாக நிற்கும். அந்த வரிசையைச் சூத்திரம் சத்தமில்லாமல் தாண்டி முந்தைய நாள் விகிதத்தை எடுத்துவிடுவதால், பிழைச் செய்தி எதுவும் தோன்றாது. எழுத்தாகிவிட்ட தேதி கட்டத்தின் இடப்பக்கம் ஒட்டி நிற்கும் என்பதே அடையாளம். இடம்மாறிய தேதியோ பார்வைக்குச் சரியாகவே தெரியும். தேதி வடிவத்தில் மாதப் பெயர் காட்டும்படி அமைத்தால்தான் அது பிடிபடும். மாத இறுதிக் கணக்கைத் தொடுவதற்கு முன் இந்த நெடுவரிசையை ஒருமுறை மேலிருந்து கீழே பார்த்துவிடுங்கள்.

இப்படிக்கு,
துபாய் கணக்குப் பிரிவு எழுத்தர்