மூன்று டெங்கு நோயாளர்: எந்த வரைபடம் உண்மை சொல்கிறது?

யாழ்ப்பாண மாவட்டத்தில் 435 கிராம அலுவலர் பிரிவுகள் இருக்கின்றன. மாரிமழையோடு டெங்கு ஏறும் கார்த்திகை முதல் தை வரையான காலத்தில், ஒவ்வொரு பிரிவுக்கும் நோய் வீதத்தைக் கணக்கிட்டு, கூடியவற்றுக்குக் கடும் சிவப்பு பூசினால் வரைபடம் தயார். புகை அடிக்கும் குழுவை எங்கே அனுப்புவது என்று கேட்டால் சிவப்பைக் காட்டலாம். ஆனால் அந்தச் சிவப்பு நோயைக் காட்டுகிறதா, சனத்தொகை குறைவென்பதைக் காட்டுகிறதா?

விளங்குவதற்கு ஒரு கற்பனைக் கணக்கைப் போடுவோம். மாவட்டச் சராசரி ஆயிரம் பேருக்கு 2 நோயாளர் என்று வைத்துக்கொள்வோம். தீவகத்தில் 500 பேர் வாழும் ஒரு பிரிவில் எதிர்பார்க்கத்தக்கது 1. அங்கே 3 பேருக்கு டெங்கு வந்துவிட்டது. வீதம் ஆயிரத்துக்கு 6. நகரத்தை ஒட்டி 4,000 பேர் வாழும் இன்னொரு பிரிவில் எதிர்பார்ப்பு 8, வந்தவர்கள் 18 பேர். வீதம் ஆயிரத்துக்கு 4.5. நோயாளரைச் சனத்தொகையால் அப்படியே வகுத்த இந்த நேர் வீத வரைபடத்தில் தீவகப் பிரிவுதான் கடும் சிவப்பு.

இப்போது எதிர்ப்பக்கமாகக் கேட்டுப் பார்க்கலாம். எந்த விசேட காரணமும் இல்லாமல், வெறும் தற்செயலால் 1 இருக்கவேண்டிய இடத்தில் 3 அல்லது அதற்கு மேல் வர எவ்வளவு வாய்ப்பு? அரிதான நிகழ்வுகள் தற்செயலாக எத்தனை தடவை வரும் என்று சொல்லும் பொய்சான் பரம்பலின்படி சுமார் 8 சதவீதம். 435 பிரிவுகளும் அதே அளவாக இருந்தால் முப்பத்தைந்து பிரிவுகள் காரணமே இன்றிச் சிவந்து நிற்கும். 8 இருக்கவேண்டிய இடத்தில் 18 வருவதோ ஆயிரத்தில் இரண்டு தடவைகூட நடக்காது. நேர் வீதம் இந்த வேறுபாட்டை முழுவதுமாக மறைத்துவிடுகிறது. நாட்டின் எந்த மூலையிலும் இப்படி வரைந்து பாருங்கள்: மிகக் கூடிய வீதமும் மிகக் குறைந்த வீதமும் பெரும்பாலும் சனம் குறைந்த இடங்களிலேயே போய் நிற்கும்.

இதற்கு மாற்றாக வருவதுதான் எம்பிரிக்கல் பேய்ஸ் முறையில் சீராக்குவது. கிளேட்டனும் கால்டரும் 1987 இல் ஸ்கொட்லாந்தின் உதட்டுப் புற்றுநோய்த் தரவில் இதைச் செய்து காட்டினார்கள். ஒவ்வொரு பிரிவின் வீதத்தையும் மாவட்டச் சராசரியை நோக்கி இழுப்பதுதான் இதன் வேலை. தரவு குறைந்த பிரிவை அதிகமாக இழுக்கும். நிறையத் தரவு உள்ளதைச் சற்றே நகர்த்தும். எவ்வளவு இழுப்பது என்பதைப் பிரிவுகளுக்கிடையே உண்மையில் எவ்வளவு வேறுபாடு இருக்கிறது என்பதிலிருந்து கணக்கிடுகிறார்கள். அந்தக் கணக்கில் எண்ணிக்கையோடும் எதிர்பார்ப்போடும் 4 ஐக் கூட்டவேண்டும் என்று வந்ததாக வைப்போம். தீவகப் பிரிவு: (3+4)/(1+4) = 1.4. நகரப் பிரிவு: (18+4)/(8+4) = 1.83. அதாவது முன்னையது சராசரியின் 1.4 மடங்கு, பின்னையது 1.83 மடங்கு. வரிசை தலைகீழாகிவிட்டது. ஒருவருக்கும் நோய் வராத 500 பேர்ப் பிரிவும் பூச்சியத்தில் நிற்காமல் 0.8 க்கு வருகிறது. அது நியாயமே, ஒரு பருவத்தில் எவருக்கும் வரவில்லை என்பதற்காக அந்த ஊரில் ஆபத்தே இல்லை என்று எவரும் எழுதிக் கொடுக்கமாட்டார்.

மூன்றாவது போட்டியாளர், பெசாக், யோர்க், மொலியே மூவரும் 1991 இல் முன்வைத்த புள்ளிவிபரவியல் மாதிரி. இது சராசரியோடு நிற்காமல் பக்கத்துப் பிரிவுகளிடமிருந்தும் தகவலைக் கடன் வாங்கும். பாடப்புத்தகங்களில் இதுவே முதலிடம். யாழ்ப்பாணத்தில் ஆரம்பக் கேள்வியே தடுக்கும்: பக்கம் எது? எல்லை தொடும் பிரிவுகளே அயல் என்று கணினியிடம் சொன்னால், பிரதேச செயலக மட்டத்தில் நெடுந்தீவுக்கு அயலே கிடையாது. R மென்பொருளின் spdep தொகுப்பு "Empty neighbour sets found" என்று சொல்லி நின்றுவிடும். அந்த எச்சரிக்கையை அணைத்துவிட்டு மேலே போகிறவர்களே அதிகம். எனக்கு அது பிடிப்பதில்லை. தாம்போதிகளையும் படகுத் துறைகளையும் பார்த்து அயலைக் கையால் எழுதவேண்டும். வேலணைக்குப் பண்ணை வழியாக நகரம் அயல், காரைநகருக்குப் பொன்னாலை அயல், நெடுந்தீவுக்குக் குறிகட்டுவான் அயல். டெங்கு நுளம்பு பொதுவாகச் சில நூறு மீற்றர்தான் பறக்கும். கடலைத் தாண்டி வைரஸைக் கொண்டுபோவது படகில் போகும் மனிதர். ஆகவே துறையை அயலாகக் கொள்வதில் பிழையில்லை.

சீராக்கல் ஒரு வேலை, நோய் ஓரிடத்தில் குவிந்த கொத்து உண்மையா என்று சோதிப்பது இன்னொரு வேலை. இரண்டையும் குழப்புவதுதான் நான் அடிக்கடி காணும் கோளாறு. அயலிடமிருந்து கடன் வாங்கிச் சீராக்கிய வரைபடத்தில் பக்கத்துப் பிரிவுகள் ஒரே நிறமாகத் தெரியும், ஏனென்றால் அப்படித் தெரியும்படி நாமே செய்திருக்கிறோம். அதே எண்களை, அயல் பிரிவுகள் எவ்வளவு ஒத்திருக்கின்றன என்று அளக்கும் மோரன் குறியீட்டில் போட்டு, கொத்து உண்டு என்று அறிவிப்பது சொந்த வினாத்தாளை எழுதி நாமே திருத்துவது போன்றது. சோதனைக்கு எப்போதும் மூல எண்ணிக்கைதான் போகவேண்டும்.

அந்தச் சோதனையில் மோரன் குறியீடு, ஒத்த வீதங்கள் அருகருகே சேர்கின்றனவா என்று மாவட்டம் முழுவதற்கும் ஒரே விடை தரும். எங்கே என்று சொல்லாது. சனத்தொகை ஏற்றத்தாழ்வாலும் குழம்பும். குல்டார்ஃப் 1997 இல் விரித்துச் சொன்ன வருடல் முறை 'எங்கே' என்பதற்கும் பதில் தரும். SaTScan என்ற இலவச மென்பொருள் ஒவ்வொரு பிரிவின் மையத்திலும் சிறிதாகத் தொடங்கி விரியும் வட்டங்களை வைத்து, உள்ளே வெளியை விட மிக அதிகமான வட்டத்தைத் தேடும். பின்னர் அதே மொத்த நோயாளரைச் சனத்தொகைக்கு ஏற்பத் தற்செயலாக 999 முறை பங்கிட்டு, ஒவ்வொரு முறையும் மிக வலுவான வட்டத்தை எடுக்கும். நமது வட்டம் அந்த 999 ஐயும் வென்றால், தற்செயலால் இப்படி வரும் வாய்ப்பைச் சொல்லும் பி மதிப்பு 0.001. ஆயிரம் வட்டம் போட்டால் ஒன்று சிவக்கத்தானே செய்யும் என்ற ஆட்சேபம் இங்கே எடுபடாது. மிகச் சிறந்ததோடு மிகச் சிறந்தது போட்டியிடுகிறது.

ஆனாலும் வட்டத்துக்குக் கடல் தெரியாது. நாவாந்துறையில் தொடங்கும் வட்டம் நீரேரியைத் தாண்டி மண்டைதீவை விழுங்கிவிடும். சனத்தொகையில் பாதிவரை வட்டம் விரியலாம் என்ற இயல்பு அமைப்பை அப்படியே விட்டால், நகரமும் நல்லூரும் கோப்பாயும் சேர்ந்து ஒரே கொத்தென்று வரும். அதை வைத்துப் பொதுச் சுகாதாரப் பரிசோதகர் எந்த ஒழுங்கையில் இறங்குவார்? பத்து சதவீதம் போன்ற சிறிய எல்லையைத் தரவைப் பார்க்க முன்னரே தீர்மானித்துக் கொள்ளவேண்டும். இன்னொன்று, இந்தச் சோதனை ஒவ்வொரு நோயாளரையும் தனி நிகழ்வாக எண்ணுகிறது. தீவகத்தின் அந்த மூவரும் ஒரே வீட்டார், கொழும்பிலிருந்து வந்த ஒருவரிடமிருந்து தொடங்கியது என்றால், நடந்தது உண்மையில் ஒரு நிகழ்வுதான். பொதுச் சுகாதாரப் பரிசோதகரின் விசாரணைப் படிவத்தில் இருக்கும் இந்த விபரத்தை எந்த மென்பொருளும் கண்டுபிடித்துத் தராது.

இந்த எல்லா முறைகளும் ஒரே இடத்தில் தோற்கும்: வீதத்தின் பகுதியில், அதாவது கீழே வகுக்கும் சனத்தொகையில். வலிகாமம் வடக்கில் உயர்பாதுகாப்பு வலயக் காணிகள் போர் முடிந்த பின் கட்டம் கட்டமாகவே விடுவிக்கப்பட்டன. மயிலிட்டித் துறைமுகப் பகுதி 2017 இல்தான் திறந்தது. அங்கே 2012 குடிசன மதிப்பீட்டின் எண்ணிக்கையால் வகுத்தால், மீள்குடியேறியவர்களின் நோய் மேலே வரும், அவர்கள் தலை கீழே வராது. பி மதிப்பு அழகாக 0.001 காட்டும், கொத்து இருக்காது. திருநெல்வேலி, கொக்குவில் விடுதிகளில் தங்கும் பல்கலைக்கழக மாணவருக்கும் இதே சிக்கல் மறுபக்கமாக வரும்: நோய் தொற்றியது விடுதியில், பதிவானது சொந்த ஊர் விலாசத்தில் என்றால் விடுதி இருக்கும் ஒழுங்கை வெளிறிப்போகும்.

தெரிவு செய்யச் சொன்னால், வாராந்தப் பணிக்கு எம்பிரிக்கல் பேய்ஸ் வரைபடமும் மூல எண்ணிக்கையில் வருடல் சோதனையும் போதும் என்பேன். பெசாக் முதலிய மூவரின் மாதிரி, அயலைக் கையால் எழுதப் பொறுமை உள்ளவருக்கும், பல வருடத் தரவு சேர்ந்த ஆய்வுக்கும். மோரன் குறியீட்டை அறிக்கையின் ஒரு வரியில் அடக்கலாம். நேர் வீத வரைபடத்தையும் எறிந்துவிட வேண்டாம்; ஒவ்வொரு பிரிவின் மேலும் நோயாளர் எண்ணிக்கையை அச்சிட்டுவிட்டால், 6 என்ற வீதத்துக்குப் பின்னால் நிற்பது மூன்றே பேர் என்பதை வாசிப்பவர் தானே காண்பார்.